வரைபடத்தின் எடையும் தராசின் எடையும்

லேத்தில் கடைந்தெடுக்கும் பாகம் எதற்கும் இரண்டு எடைகள் உண்டு. வரைபடத்தில் உள்ள அளவுகளைச் சூத்திரத்தில் போட்டு, வரும் கன அளவை உலோகத்தின் அடர்த்தியால் பெருக்கினால் கிடைப்பது ஒன்று. முடிந்த பாகத்தைத் தராசில் வைத்தால் தெரிவது இன்னொன்று. ஒரே ஒரு பாகத்தை எடுத்துப் பார்த்தால் இரண்டுக்கும் சில கிராம்தான் வித்தியாசம் இருக்கும். ஐயாயிரம் பாகங்களை லாரியில் ஏற்றும்போது அந்தச் சில கிராம் இருபது முப்பது கிலோவாகிவிடுகிறது. பாகங்கள் எல்லாமே ‘சரி’ என்று தரச் சோதனையில் தேறியிருந்தாலும் இந்த வித்தியாசம் வரும். அதற்குக் காரணம் டாலரன்ஸ், அதாவது ஒவ்வொரு அளவிலும் இவ்வளவு கூடலாம், இவ்வளவு குறையலாம் என்று வரைபடமே தரும் அனுமதி.

கணக்கு எளிதாக இருக்க ஒரு சாதாரண புஷ்ஷை எடுத்துக்கொள்ளலாம். பம்பிலும் கியர் பெட்டியிலும் தண்டைத் தாங்கி நிற்கும் குட்டைக் குழாய் அது. வெளி விட்டம் 40 மி.மீ., உள் விட்டம் 30 மி.மீ., நீளம் 50 மி.மீ., பொருள் சாதாரண எஃகு. உருளையின் கன அளவிலிருந்து துளையின் கன அளவைக் கழித்தால் போதும்.

```
V = π/4 × (D² − d²) × L
  = π/4 × (1600 − 900) × 50
  = 27,489 மி.மீ³
```

இது 27.49 கன செ.மீ. எஃகின் அடர்த்தி கன செ.மீ.க்கு 7.85 கிராம் என்று வைத்துப் பெருக்கினால் ஒரு புஷ்ஷின் எடை 215.8 கிராம். 5,000 புஷ்கள் 1,079 கிலோ. கணினியில் வரைந்தால் மென்பொருள் இதே விடையை நான்கு தசம இடங்களோடு காட்டும். அந்தத் தசமங்களைப் பார்த்து ஏமாறக் கூடாது. மென்பொருளுக்குத் தெரிந்தது வரைந்த அளவுகள் மட்டும்தான். 40.000 மி.மீ. விட்டமுள்ள புஷ் உலகில் ஒன்றுகூட இருக்காது.

வரைபடத்தின் ஓர் ஓரத்தில் ‘தனியாகக் குறிப்பிடாத அளவுகளுக்கு ஐஎஸ்ஓ 2768, நடுத்தரம்’ என்று ஒரு வரி இருப்பது வழக்கம். இந்தியத் தர நிர்ணயத்தில் இதுவே ஐஎஸ் 2102. அந்த அட்டவணையின் நடுத்தர வகுப்பில் 30 மி.மீ.க்கு மேல் 120 வரையுள்ள அளவுகள் 0.3 மி.மீ. கூடவோ குறையவோ செய்யலாம். 6க்கு மேல் 30 வரையுள்ள அளவுகளுக்கு அனுமதி 0.2 மி.மீ. நமது புஷ்ஷின் துளை சரியாக 30 என்பதால் அது சின்ன அனுமதிக்குள் வருகிறது. ஆகவே வெளி விட்டம் 39.7 முதல் 40.3 வரை, துளை 29.8 முதல் 30.2 வரை, நீளம் 49.7 முதல் 50.3 வரை எங்கே இருந்தாலும் அது நல்ல புஷ்தான்.

எடை அதிகபட்சம் எவ்வளவு போகும் என்று பார்க்க, வெளி விட்டத்தையும் நீளத்தையும் மேல் எல்லையிலும் துளையைக் கீழ் எல்லையிலும் வைக்க வேண்டும். துளை சிறுத்தால்தான் உலோகம் கூடும் என்பதை இங்கே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. எல்லா அளவையும் மேல் எல்லையில் வைத்துக் கணக்கிட்டுவிடுவார்கள், விடை தவறாகிவிடும். சரியாகப் போட்டால் 228.3 கிராம் வருகிறது. எல்லாவற்றையும் திருப்பி வைத்தால் 203.5 கிராம். ஒரே வரைபடத்துக்கு உட்பட்ட இரண்டு நல்ல புஷ்களுக்கு இடையே ஏறக்குறைய 25 கிராம் வித்தியாசம் இருக்க முடியும். வரைபட எடையிலிருந்து இருபுறமும் 5.7 விழுக்காட்டுக்கும் சற்று மேல் விலக இடமிருக்கிறது.

40 மி.மீ.யில் 0.3 என்பது முக்கால் விழுக்காடுதான். அது எடையில் எப்படி ஆறு விழுக்காட்டை நெருங்குகிறது? விடை புஷ்ஷின் சுவரில் இருக்கிறது. இதே கன அளவை வேறு விதமாகவும் எழுதலாம்: நடு விட்டம் 35, சுவர்த் தடிமன் 5, நீளம் 50, இவற்றின் பெருக்கலை π-ஆல் பெருக்கினால் அதே 27,489 வரும். வெளி விட்டம் 0.3 கூடினால் சுவர் ஒரு பக்கம் 0.15 தடிக்கிறது. துளை 0.2 சிறுத்தால் இன்னொரு 0.1. ஆக 5 மி.மீ. சுவர் 5.25 ஆகிறது, அதுவே ஐந்து விழுக்காடு. மிச்சத்தை நீளமும் நடு விட்டத்தின் சிறு மாற்றமும் சேர்க்கின்றன. துளையில்லாத 40 மி.மீ. தண்டை இதே டாலரன்ஸில் கடைந்தால் எடை இரண்டு விழுக்காடு அளவுக்குத்தான் மாறும். சுவர் மெலிய மெலிய அதே டாலரன்ஸ் எடையில் பெரிதாகத் தெரியும். மெல்லிய வளையம், குழாய், கிண்ணம் போன்ற பாகங்களின் வரைபட எடையை நம்பிப் பெரிய கணக்கு எதுவும் போடாமல் இருப்பது நல்லது.

எந்த அளவு எடையை எவ்வளவு அசைக்கிறது என்பதைத் தனித்தனியாகத் தெரிந்துவைத்திருப்பதும் பயன்படும். இந்த புஷ்ஷில் வெளி விட்டம் 0.1 மி.மீ. கூடினால் எடை 2.47 கிராம் கூடுகிறது. துளை 0.1 பெருத்தால் 1.85 கிராம் குறைகிறது. நீளம் 0.1 கூடினால் வெறும் 0.43 கிராம். எடைக் கணக்கில் நீளத்துக்கு அவ்வளவு பங்கில்லை, விட்டங்கள்தான் எஜமானர்கள்.

இதுவரை பார்த்தது ஒரு புஷ்ஷின் எல்லைகள். 5,000 புஷ்கள் சேரும்போது கதை மாறுகிறது. ஒரு புஷ் 228 கிராம் வரை போகலாம் என்பதால் மொத்தமும் 1,141 கிலோ வரை போகும் என்று நினைத்தால் அது மிகை. அப்படி நடக்க 5,000 புஷ்ஷிலும் மூன்று அளவுகளும் ஒரே சமயத்தில் கடைசி எல்லையில் நிற்க வேண்டும். நடைமுறையில் ஒன்று சற்றே கூடும், அடுத்தது சற்றே குறையும். கருவியின் சிறு அதிர்வு, சக்கில் பிடிக்கும்போது வரும் வேறுபாடு, உலோகத்தின் கடினத்தில் அங்கங்கே உள்ள ஏற்ற இறக்கம் என்று இதற்குப் பல காரணங்கள் உண்டு. இது இரண்டு பக்கமும் விழும் சிதறல்.

வெளி விட்டமும் துளையும் தலா 0.05 மி.மீ., நீளம் 0.08 மி.மீ. என்ற திட்ட விலக்கத்தோடு சிதறுவதாகக் கொள்ளலாம். மூன்றின் பாதிப்பையும் சேர்த்தால் ஒரு புஷ்ஷின் எடை சராசரியிலிருந்து ஏறக்குறைய 1.6 கிராம் சிதறும். 5,000 புஷ்களில் இந்தச் சிதறல் 5,000 மடங்கு பெருகாது. கூடியதும் குறைந்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால் 5,000-இன் வர்க்கமூலமான 71 மடங்குதான் பெருகும். 1.6 கிராமை 71-ஆல் பெருக்கினால் 110 கிராம் சொச்சம். ஒரு டன்னுக்கும் மேற்பட்ட சரக்கில் இதைக் கண்டுகொள்ளவே தேவையில்லை.

அப்படியானால் இருபது முப்பது கிலோ எங்கிருந்து வருகிறது? சிதறலிலிருந்து வருவதில்லை, சராசரியே நகர்ந்துபோவதிலிருந்து வருகிறது. ஒவ்வொரு புஷ்ஷும் ஒரே பக்கமாக நாலு கிராம் கூடியிருந்தால் எதுவும் எதையும் அழிக்காது. 5,000 புஷ்ஷில் அது முழுசாக 20 கிலோ. ஆகவே ஒரு தொகுதியின் எடையைப் பற்றிக் கவலைப்படுகிறவர் டாலரன்ஸ் எவ்வளவு அகலம் என்று கேட்பதைவிட, அந்த அகலத்துக்குள் வேலை எந்தப் பக்கம் சாய்ந்து நடந்தது என்று கேட்பதே பொருத்தம்.

வேலை பெரும்பாலும் கனமான பக்கம்தான் சாயும். அதற்கு முதல் காரணம் கடைகிறவரின் நியாயமான முன்ஜாக்கிரதை. வெளி விட்டம் கூடுதலாக நின்றுவிட்டால் இன்னொரு முறை சீவிச் சரிசெய்துகொள்ளலாம். குறைந்துவிட்டால் புஷ் கழிவுதான். துளையும் அப்படியே, சிறுத்திருந்தால் மறுபடி போர் அடிக்கலாம், பெருத்துவிட்டால் ஒன்றும் செய்ய முடியாது. எனவே அனுபவமுள்ள கை வெளி விட்டத்தை எப்போதும் நடுவுக்கு மேலேயும், துளையை நடுவுக்குக் கீழேயும் பிடித்து நிறுத்தும். இரண்டுமே உலோகத்தைக் கூட்டும் பக்கம்.

இரண்டாவது காரணம் வெட்டுமுனையின் தேய்மானம். சிஎன்சி லேத்தில் இன்சர்ட்டின் முனை தேயத் தேய அது வேலைப்பொருளிலிருந்து ஒரு மயிரிழை பின்வாங்குகிறது. மழுங்கிய முனையை உலோகம் கூடுதல் விசையோடு தள்ளுவதால் கருவியும் சற்று வளைந்துகொடுக்கிறது. வெளியே கடையும்போது இதனால் விட்டம் பெருக்கிறது. உள்ளே போர் அடிக்கும்போது துளை சிறுக்கிறது; நீண்டு மெலிந்த போரிங் கம்பி அதிகமாக வளையும் என்பதால் அங்கே விளைவும் பலமாக இருக்கும். இங்கேயும் இரண்டு பிழைகளும் ஒரே பக்கம் சேர்கின்றன. நேரம் போகப் போக ஒவ்வொரு புஷ்ஷும் முந்தியதைவிடக் கொஞ்சம் கனமாக விழும். ஆபரேட்டர் ஆஃப்செட்டைத் திருத்தும்போதோ முனையை மாற்றும்போதோ எடை சட்டென்று இறங்கும். பிறகு மறுபடி ஏறத் தொடங்கும். மணிக்கொரு புஷ்ஷை நிறுத்து, வந்த எடையைத் தாளில் புள்ளியாக வைத்துக்கொண்டே போனால் ரம்பத்தின் பற்களைப் போல ஒரு கோடு கிடைக்கும்.

இதை எண்ணில் பார்க்கலாம். புது முனை மாட்டியவுடன் வெளி விட்டம் 40.05, துளை 29.97 என்று வேலை தொடங்குகிறது. முனை மாற்றும் நேரத்தில் 40.19, 29.87 என்று நிற்கிறது. நீளம் சராசரியாக 50.05. எல்லாமே வரைபட எல்லைக்குள் வசதியாக இருக்கின்றன. கோ, நோ-கோ கேஜ் ஒன்றைக்கூடத் தள்ளாது. முதல் புஷ்கள் 217.8 கிராம், கடைசிப் புஷ்கள் 223.1 கிராம், சராசரி 220.45 கிராம். வரைபட எடையைவிட இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று அதிகம். 5,000 புஷ்கள் 1,102 கிலோ. கணக்கில் இருந்தது 1,079. கூடுதலான 23 கிலோவில் ஒரு பாகத்தைக்கூட யாரும் தவறாகச் செய்யவில்லை.

சாய்வு சில சமயம் வரைபடத்திலேயே எழுதியிருக்கும். இதே புஷ்ஷை வேறொரு வடிவமைப்பாளர் வெளி விட்டம் 40, குறைய மட்டும் 0.3 வரை அனுமதி, துளை 30, கூட மட்டும் 0.2 வரை அனுமதி என்று எழுதலாம். வீட்டுக்குள் தடையில்லாமல் நுழையவும், தண்டின்மேல் சுலபமாகச் சேரவும் இப்படி ஒரு பக்க டாலரன்ஸ் கொடுப்பது சகஜம். அப்போது வேலை சரியாக நடுவில் நடந்தால் சராசரி வெளி விட்டம் 39.85, துளை 30.1. எடை 210.2 கிராம். 40-ஐயும் 30-ஐயும் போட்டுக் கணக்கிட்ட 215.8 கிராம் இங்கே தொடக்கத்திலேயே ஐந்தரை கிராம் தப்பு. 5,000 புஷ்ஷில் கிட்டத்தட்ட 28 கிலோ குறையும். ஒரு பக்க டாலரன்ஸ் உள்ள வரைபடத்தில் எழுதிய அளவை விட்டுவிட்டு, இரு எல்லைகளின் நடு அளவைச் சூத்திரத்தில் போட வேண்டும். கணினி மாதிரியையும் நடு அளவில் வரைந்தால்தான் மென்பொருள் சொல்லும் எடை பயன்படும்.

டாலரன்ஸோடு சேராத ஆனால் அதே கணக்கைக் கெடுக்கும் வேறு சில உண்டு. வெளி விளிம்பு இரண்டிலும் 1 மி.மீ. சாம்ஃபர் போட்டால் ஒரு புஷ்ஷுக்கு ஏறக்குறைய 1 கிராம் போய்விடும். தொகுதிக்கு 5 கிலோ. கையால் எடைக் கணக்குப் போடுகிறவர்கள் பெரும்பாலும் இதை விட்டுவிடுவார்கள். அடர்த்தி 7.85 என்பதும் வழக்கத்தில் உள்ள ஓர் எண்தான். எஃகின் கலவையைப் பொறுத்து அது 0.02 மாறினாலே தொகுதியில் இரண்டே முக்கால் கிலோ மாறும். பித்தளை, வார்ப்பிரும்பு என்றால் வேறுபாடு இன்னும் பெரிது. வார்ப்பில் உள்ளே காற்றுக்குழி இருந்தால் எந்தச் சூத்திரமும் அதை அறியாது.

இந்த வித்தியாசம் நேராகக் கை வைக்கும் இடம் எண்ணிக்கை. ஆயிரக்கணக்கான சிறு பாகங்களை யாரும் கையால் எண்ணுவதில்லை. எண்ணும் தராசில் பத்துப் பாகங்களை வைத்து ஒன்றின் எடையைப் பதிவுசெய்துவிட்டு, மீதியை மொத்தமாகக் கொட்டினால் தராசே வகுத்து எண்ணிக்கையைக் காட்டும். அந்தப் பத்தும் எந்தப் பெட்டியிலிருந்து வந்தன என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மேலே சொன்ன தொகுதியில், புது முனை மாட்டிய கையோடு விழுந்த பத்துப் புஷ்களை வைத்திருந்தால் ஒன்று 217.8 கிராம் என்று தராசு நம்பிவிடும். 1,102 கிலோவை அதனால் வகுத்து 5,061 என்று காட்டும். பெட்டியில் இருப்பதோ 5,000. வரைபட எடையையே தட்டிவிட்டிருந்தால் 5,108 என்று காட்டியிருக்கும். 5,000 என்று காட்டும்போது நிறுத்திக் கட்டி அனுப்பினால் வாங்குகிறவருக்கு நூறு புஷ்ஷுக்கு மேல் குறையும். பழி பெரும்பாலும் தராசின்மேல் விழும். அளவுத் துல்லியச் சான்றிதழ் வாங்கித் திரும்பிய தராசும் அதே தவறைத்தான் செய்யும்.

மாதிரியை எடுக்கும் முறை மாறினால் இது சரியாகிவிடும். முதல் பெட்டி, நடுப் பெட்டிகள், கடைசிப் பெட்டி என்று பரவலாக 50 புஷ்களை எடுத்து நிறுத்தால் சராசரியில் எஞ்சும் தவறு ஏறக்குறைய கால் கிராமுக்குள் அடங்கும். 5,000-த்தில் அது ஐந்து புஷ் அளவு. பத்தை ஐம்பதாக்கியதைவிட, பரவலாக எடுத்ததே இங்கே பெரிய பலன் தருகிறது. ஒரே பெட்டியிலிருந்து ஐநூறு எடுத்தாலும் அந்தப் பெட்டியின் சாய்வு அப்படியே இருக்கும்.

ஜாப் வொர்க்கில் இன்னொரு சிக்கல் வரும். வாடிக்கையாளர் கம்பியை எடை போட்டுக் கொடுப்பார். முடிந்த பாகமும் சீவிய சுருளும் சேர்ந்து அதே எடை வர வேண்டும். 42 மி.மீ. கம்பியில் ஒரு புஷ்ஷுக்கு, அறுக்கும் இடத்தையும் முகம் சீவுவதையும் சேர்த்து, 54 மி.மீ. போவதாகக் கொண்டால் 5,000 புஷ்ஷுக்கு 2,936 கிலோ கம்பி வேண்டும். முடிந்த பாகத்தை வரைபட எடையில் 1,079 கிலோ என்று எழுதினால், சுருள் 1,857 கிலோ வர வேண்டும் என்று தாள் சொல்லும். தராசில் 1,834 கிலோதான் இருக்கும். காணாமல் போனதாகத் தோன்றும் 23 கிலோ சுருள் முழுக்க புஷ்களின்மேலேயே, விட்டத்தில் பத்தில் ஒரு மில்லிமீட்டர் தடிப்பாக, ஒட்டிக்கொண்டிருக்கிறது. சந்தேகமும் சச்சரவும் கிளம்பும் முன் ஐம்பது புஷ்களை நிறுத்து, வந்த சராசரி எடையைச் சலானில் எழுதிவிட்டால் இரண்டு பக்கக் கணக்கும் பொருந்திவிடும்.

எடை இவ்வளவு சொல்லும் என்பதால் மைக்ரோமீட்டரை ஒதுக்கிவிட்டுத் தராசையே தரச் சோதனைக்கு வைத்துக்கொள்ள முடியுமா என்றால் முடியாது. வெளி விட்டம் 40.3, துளை 30.4, நீளம் 50 என்று ஒரு புஷ் இருப்பதாகக் கொள்ளலாம். வெளி விட்டம் கடைசி எல்லையில் நிற்கிறது. துளை எல்லையைத் தாண்டி 0.2 மி.மீ. பெருத்துவிட்டது, தண்டு அதில் ஆடும். இதன் எடையைக் கணக்கிட்டால் 215.77 கிராம். குறையே இல்லாத புஷ்ஷின் எடை 215.79. வெளியே கூடிய உலோகமும் உள்ளே போன உலோகமும் கிட்டத்தட்டச் சமமாகிவிட்டன. கிராம் வரை காட்டும் தராசு இரண்டுக்கும் 216 என்றே காட்டும். துளைக்குள் பிளக் கேஜை நுழைத்தால், உள்ளே போகக்கூடாத நோ-கோ முனை தாராளமாகப் போய்விடும்.